எல்லாப் பழியும் என்மேல் விழும் வீட்டோடு எவ்வளவு தொடர்பு வைத்துக்கொள்வது?

கேள்வி: "எனக்கு 36 வயது. மூன்று பிள்ளைகளில் நடுப்பெண். வேறு ஊரில் வேலை. அண்ணனுக்குத் தொழிலில் நஷ்டம் வந்தாலும், அப்பாவுக்கு ரத்த அழுத்தம் ஏறினாலும், தங்கை கல்யாணம் தள்ளிப்போனாலும் நான்தான் காரணம் என்கிறார்கள். தினமும் அம்மா போன் செய்வார். பேசி வைத்தால் இரண்டு நாள் தூக்கம் போய்விடும். தொடர்பை முழுசாக முறித்துவிடலாமா, குறைத்தால் போதுமா? முறித்தால் நான் கெட்டவளா?"

முறிக்கலாமா, குறைக்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். அதற்கு அடியில் இன்னொரு கேள்வி இருப்பதாக எனக்குத் தோன்றுகிறது: 'அவர்கள் சொல்வது ஒருவேளை உண்மையாகவே இருந்துவிட்டால்?' அதற்குப் பதில் தெரியாமல் தொடர்பைப் பற்றி முடிவெடுத்தால் எந்த முடிவும் நிலைக்காது. முறித்தவர்கள் மூன்று மாதத்தில் குற்ற உணர்வோடு திரும்பிப் போவதையும், சகித்துக்கொண்டு இருந்தவர்கள் ஒருநாள் வெடித்து, பிறகு மன்னிப்புக் கேட்பதையும் நிறையப் பார்த்திருக்கிறேன். குடும்ப ஆலோசகராக எனக்கு 19 வருட அனுபவம். ஆனாலும் இங்கே ஒரு பக்கத்தைத்தான் கேட்கிறேன், உங்கள் வீட்டாரை நான் பார்த்ததில்லை. அதனால் தீர்ப்புச் சொல்லாமல், நீங்களே சரிபார்த்துக்கொள்ளும் வழியைச் சொல்கிறேன்.

முதலில் அந்த அடிக்கேள்வி. தப்பே செய்யாத மனிதர் யாரும் இல்லை. நீங்களும் ஏதாவது கடுமையாகப் பேசியிருக்கலாம், போக வேண்டிய நேரத்தில் போகாமல் இருந்திருக்கலாம். நியாயமான குறைக்கு ஒரு குணம் உண்டு: அதற்கு அளவு இருக்கும். இன்ன நாளில் இன்னது செய்தாய், அதனால் எனக்கு இப்படி ஆயிற்று என்று சொல்ல முடியும். நீங்கள் வருத்தம் தெரிவித்துச் சரிசெய்தால் அது குறையும், நாளாக ஆகப் பழசாகும். வீட்டில் ஒருவருக்கென்று ஒதுக்கப்பட்ட பழி அப்படி நடந்துகொள்ளாது. நீங்கள் என்ன செய்தாலும் அதன் அளவு மாறாது. போனால் 'வந்து கெடுத்தாள்', போகாவிட்டால் 'வராமல் கெடுத்தாள்'. முதலில் குற்றம் முடிவாகும், ஆதாரம் அப்புறம்தான் தேடப்படும். உங்கள் அண்ணனோ தங்கையோ அதையே செய்திருந்தால் வீட்டில் அதற்கு என்ன பெயர் கிடைத்திருக்கும் என்று கேட்டுப் பாருங்கள். அண்ணன் பத்து நாள் போன் எடுக்காவிட்டால் 'பாவம், வேலை', நீங்கள் எடுக்காவிட்டால் 'திமிர்' என்றால், எடைபோடப்படுவது உங்கள் செயல் இல்லை.

இதைவிடத் தெளிவாகக் காட்டிக்கொடுப்பது நேரம். பழி எப்போது வருகிறது என்று பாருங்கள். 1960இல் எஸ்ரா வோகல், நார்மன் பெல் என்ற இரண்டு அமெரிக்க ஆய்வாளர்கள், மனச்சிக்கலுள்ள ஒரு பிள்ளை இருந்த குடும்பங்களைக் கூர்ந்து பார்த்து ஒரு கட்டுரை எழுதினார்கள். பெற்றோருக்கு நடுவே தீராமல் கிடக்கும் சண்டை, நேராக வெளியே வர வழியில்லாமல் ஒரு பிள்ளையின்மேல் இறங்குகிறது என்பது அவர்கள் கண்டது. அந்தப் பிள்ளையைப் பற்றிக் கவலைப்படும்போதும் திட்டும்போதும் பெற்றோர் இருவரும் ஒரே பக்கம் நின்றுகொள்ள முடிகிறது. பிறகு வந்த சால்வடார் மினூச்சின் என்ற குடும்ப சிகிச்சையாளர், இருவருக்கு இடையிலான சண்டை மூன்றாம் ஆள் பக்கம் சுற்றிப்போவதைத் தன் முறையில் முக்கியமான ஒரு கூறாகவே வைத்தார். ஒன்றைச் சொல்லிவிட வேண்டும்: இது ஒரு நோயின் பெயர் இல்லை. 'இந்த வீட்டின் பலிகடா நீங்கள்தான்' என்று எந்தப் பரிசோதனையும் காட்டாது. குடும்பத்தைப் புரிந்துகொள்ள உதவும் ஒரு கோணம் இது. உங்கள் வீட்டுக்குப் பொருந்துகிறதா என்பதை உங்கள் வீட்டு நடப்பை வைத்துத்தான் சொல்ல வேண்டும்.

அதை எப்படிப் பார்ப்பது என்பதற்கு ஒருவரின் கதையை விரிவாகச் சொல்கிறேன். அடையாளம் தெரியாதபடி சில விவரங்களை மாற்றியிருக்கிறேன். அவருக்கு அப்போது 41 வயது, நான்கு பிள்ளைகளில் மூன்றாவது. அப்பாவும் மூத்த அண்ணனும் சேர்ந்து குடும்பத் தொழிலை நடத்தினார்கள். இவர் 11 வருடம் முன்பு, 'நான் தொழிலுக்கு வரவில்லை' என்று சொல்லிவிட்டு வெளியூரில் வேலைக்குப் போனவர். அன்றிலிருந்து வீட்டில் எது சரிந்தாலும் அந்த நாளில் போய் நிற்கும். என்னிடம் வந்தபோது அவரும் கிட்டத்தட்ட அதை நம்பியிருந்தார்.

ஆறு வாரத்துக்கு ஒரு சின்ன நோட்டில் எழுதச் சொன்னேன். வீட்டிலிருந்து வரும் ஒவ்வொரு போனுக்கும் ஐந்து விஷயம்: தேதி, யார் பேசியது, எத்தனை நிமிடம், பழி எந்த இடத்தில் ஆரம்பித்தது, அதற்கு முன்பு என்ன பேச்சு ஓடியது. கூடவே அடுத்த நாள் காலையில், இரவு எத்தனை மணிக்குத் தூங்கினார் என்பது. உணர்ச்சியைப் பற்றி ஒரு வரிகூட வேண்டாம் என்றேன். உணர்ச்சியை எழுத ஆரம்பித்தால் அது வாதமாகிவிடும், நமக்கு வேண்டியது கணக்கு.

ஆறு வாரத்தில் அம்மாவிடமிருந்து 31 போன் வந்திருந்தது. அதில் 14இல் பழி இருந்தது. மீதி 17இல் இல்லை என்பதே அவருக்கு ஆச்சரியம், எப்போதும் திட்டுதான் என்று நினைத்திருந்தார். அந்தப் பதினான்கில் 11 போன் ஒரே வரிசையில் போயிருந்தது. முதல் சில நிமிடம் அம்மா, அன்றைக்கு அப்பாவுக்கும் அண்ணனுக்கும் கணக்குப் புத்தகத்தை வைத்து நடந்த சண்டையைச் சொல்வார். குரல் தழுதழுக்கும். பிறகு ஒரு பெருமூச்சு. பிறகு "நீ மட்டும் அன்றைக்கு…" என்று தொடங்குவார். அங்கிருந்து பேச்சு முழுக்க இவரைப் பற்றி. வைக்கும்போது அம்மாவின் குரல் தெளிந்திருக்கும், இவர் இரவு மூன்று மணி வரை விழித்திருப்பார். அந்த 'நீ மட்டும் அன்றைக்கு' என்ற மூன்று சொற்களுக்கு அடியில் அவர் சிவப்புப் பேனாவால் கோடு போட்டுக் கொண்டுவந்திருந்தார். நோட்டை என் பக்கம் திருப்பி வைத்துவிட்டு, "இதில் நான் எங்கேயுமே இல்லையே" என்றார்.

அம்மா கணவரை எதிர்க்க முடியாதவர், மூத்த மகனை இழக்கவும் பயந்தவர். இருவரில் யாரைக் குறை சொன்னாலும் அன்றைக்கே வீடு தாங்காது. ஊரில் இல்லாத, போனை எடுக்கிற, பதிலுக்குக் கத்தாத ஒருவர்மேல் அந்தப் பாரத்தை இறக்கினால் வீடு இன்னொரு நாள் ஓடும். அம்மா இதைத் திட்டம் போட்டுச் செய்தார் என்று நான் நினைக்கவில்லை. பெரும்பாலான வீடுகளில் யாரும் திட்டம் போடுவதில்லை. ஆனால் திட்டமிடாமல் செய்ததால் உங்களுக்கு வலி குறைந்துவிடாது. அதனால் 'வேண்டுமென்றே செய்கிறார்களா' என்ற ஆராய்ச்சியில் அதிக நாள் கழிக்காதீர்கள், தொடர்பின் அளவை முடிவுசெய்ய அது தேவையில்லை.

உங்கள் நோட்டில் வேறு மாதிரி வரலாம். பழி எல்லாம் நீங்கள் உண்மையில் செய்த, சரிசெய்யக்கூடிய ஒரே விஷயத்தைச் சுற்றி வந்தால், உதாரணமாகத் திருப்பிக் கொடுக்காத கடன், அது வேறு வகைச் சிக்கல். அதை நேராகப் பேசித் தீர்க்கலாம், தீர்க்கவும் வேண்டும். தீர்த்த பிறகும் பழி அதே அளவில் வேறு காரணம் தேடிக்கொண்டு வந்தால் அப்போது தெரிந்துவிடும்.

தொடர்பு விஷயத்துக்கு வருகிறேன். பலிகடா என்று சொல்கிறோம், அந்தச் சொல் கொல்லப்படும் ஆட்டைக் காட்டுகிறது. பழைய ஏற்பாட்டில், லேவியராகமத்தின் 16ஆம் அதிகாரத்தில் வருவது வேறு. அங்கே இரண்டு ஆடுகள். ஒன்று பலியாகிறது. இன்னொன்றின் தலையில் கைகளை வைத்து மக்களின் பாவங்களையெல்லாம் அறிக்கையிட்டு, உயிரோடு வனாந்தரத்துக்கு ஓட்டிவிடுகிறார்கள். தமிழ் விவிலியத்தில் அதற்குப் போக்காடு என்று பெயர். குடும்பத்தில் நடப்பது இந்த இரண்டாவது ஆட்டின் கதைதான். இதை வந்தவர்கள் பலரிடம் சொல்லியிருக்கிறேன், காரணம் இருக்கிறது. வெளியேறிப் போவதும் அந்த வேடத்திலேயே எழுதப்பட்டிருக்கிறது. நீங்கள் கோபத்தில் கத்திவிட்டுத் தொடர்பை அறுத்தால், 'பார்த்தீர்களா, அவள் இப்படித்தான்' என்று அந்தக் கதை முடிந்துவிடும். நீங்கள் இல்லாத வீட்டிலும் பழி உங்கள் பெயரில் தொடரலாம். ஆகவே முறித்தால் பழி நிற்கும் என்று எதிர்பார்த்து முறிக்காதீர்கள். முறித்தால் அது உங்கள் காதில் விழுவது நிற்கும். அதுவே சிலருக்குப் போதும், அது சின்ன விஷயமும் இல்லை. ஆனால் இரண்டும் ஒன்று என்று நினைத்து முறித்தவர்கள்தான் பிறகு அதிகம் உடைந்துபோகிறார்கள்.

தொடர்பு என்பதை ஒற்றைக் கயிறாகப் பார்த்தால் வைத்திருப்பது, அறுப்பது என்று இரண்டே வழிதான் தெரியும். உண்மையில் அது பல இழைகள்: போன் பேச்சு, குடும்ப வாட்ஸாப் குழு, நேரில் போவது, அங்கே இரவு தங்குவது, பணம், அப்புறம் உங்களைப் பற்றிய செய்தி. ஒவ்வொன்றையும் தனித்தனியாகக் கூட்டலாம், குறைக்கலாம். இதில் பெரும்பாலோர் தொடாமல் விடுவது கடைசி இழை. வேலையில் ஒரு பிரச்சினை, உடம்புக்கு ஒரு பரிசோதனை, தோழியோடு ஒரு மனஸ்தாபம் என்று நீங்கள் பாசத்தில் சொல்வதெல்லாம் ஆறு மாதம் கழித்து ஆதாரமாகத் திரும்பி வரும். நான் கண்ட வரையில், போன் எண்ணிக்கையைக் குறைப்பதைவிடச் செய்தியைக் குறைப்பது சீக்கிரம் நிம்மதி தருகிறது. பொய் சொல்ல வேண்டியதில்லை. முடிந்துபோன, தீர்ந்துபோன விஷயங்களை மட்டும் சொல்லுங்கள். நடந்துகொண்டிருப்பதை அதைத் தாங்கக்கூடியவர்களிடம் சொல்லுங்கள்.

எந்த இழையை எவ்வளவு வைப்பது என்பதற்கு நான் பார்க்கும் அளவுகோல், மீண்டுவர ஆகும் நேரம். ஒரு போனுக்குப் பிறகு நீங்கள் பழைய நிலைக்கு வர எத்தனை மணி நேரம் ஆகிறது? உங்கள் கணக்குப்படி இரண்டு நாள். தினமும் போன் வருகிறது. அப்படியென்றால் முதல் போனிலிருந்து மீளும் முன்பே அடுத்தது வந்துவிடுகிறது, நீங்கள் மீளவே இல்லை. நான் சொன்னவருக்கு ஒன்றரை நாள் ஆனது. அதனால் வாரம் இரண்டு போன், ஒவ்வொன்றும் 20 நிமிடம் என்று வைத்தோம், புதன் மாலையும் ஞாயிறு காலையும். நடுவில் முழுசாக மீள இடம் வேண்டும், அவ்வளவுதான் அந்த எண்ணுக்குக் காரணம். உங்களுக்கு வாரம் ஒன்று என்று வரலாம், மாதம் ஒன்று என்றும் வரலாம். மாதம் ஒரு முறை பேசிய பிறகும் வாரக்கணக்கில் தூக்கம் கெடுகிறது என்றால் அந்த இழை தாங்காது, பேச்சை நிறுத்தி எழுத்துச் செய்தியாக மட்டும் வைப்பதைப் பற்றி யோசிக்கலாம்.

மாற்றத்தை எப்படிச் சொல்வது? இங்கேதான் நிறையப் பேர் சறுக்குகிறார்கள். நீளமான கடிதம் எழுதுகிறார்கள், சிறுவயதிலிருந்து நடந்ததையெல்லாம் அடுக்குகிறார்கள். அதில் ஒவ்வொரு வரியும் வாதத்துக்கு ஒரு கைப்பிடி. 'என்மேல் பழி போடுவதை நிறுத்துங்கள்' என்பதும் வேலை செய்யாது, ஏனென்றால் அது நடக்க அவர்கள் ஒத்துழைக்க வேண்டும். உங்கள் கையில் இருப்பதை மட்டும் சொல்லுங்கள். அவர் சொன்னது இவ்வளவுதான்: "அம்மா, இனிமேல் புதன், ஞாயிறு இரண்டு நாளும் நானே கூப்பிடுகிறேன். மற்ற நாளில் எடுக்க முடியாது." ஏன் என்று கேட்டபோது, "எனக்கு அதுதான் சரிப்படுகிறது" என்று மட்டும் சொன்னார். 'நீ மட்டும் அன்றைக்கு' வந்தவுடன் சொல்ல இன்னொரு வாக்கியம் வைத்திருந்தார்: "அம்மா, இது அப்பாவுக்கும் அண்ணனுக்கும் நடுவில் உள்ளது. அவர்களிடமே பேசுங்கள். நான் ஞாயிற்றுக்கிழமை கூப்பிடுகிறேன்." சொல்லிவிட்டு வைத்துவிட வேண்டும். கோபமாக இல்லை, சாதாரணக் குரலில். முதல் தடவை அவர் கை நடுங்கியது என்று சொன்னார். பேச வேண்டிய வாக்கியத்தை ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதிக் கையில் வைத்துக்கொண்டுதான் பேசினார்.

அடுத்து வருவதை முன்கூட்டியே தெரிந்துகொள்வது நல்லது: முதலில் நிலைமை மோசமாகும். இதில் எனக்கு ஓரளவு உறுதி உண்டு, ஏனென்றால் மிகச் சில வீடுகளில்தான் இது நடக்காமல் பார்த்திருக்கிறேன். இதுவரை வேலை செய்த வழி அடைபட்டால் எவரும் முதலில் இன்னும் பலமாகத் தள்ளித்தான் பார்ப்பார்கள். இவருக்கு இரண்டாவது வாரத்தில் பெரியம்மா கூப்பிட்டு, "அம்மா சாப்பிடவே இல்லை" என்றார். மூன்றாவது வாரம் மாமா. நான்காவது வாரம் அண்ணன், எட்டு மாதமாகப் பேசாதவர், ஒரு நீளமான குரல் பதிவு அனுப்பினார். ஐந்தாவது வாரம், வியாழன் இரவு 11 மணிக்கு, "அப்பாவுக்கு நெஞ்சு வலி, எல்லாம் உன்னால்தான்" என்று ஒரு செய்தி.

பழி சுமப்பவர்கள் பெரும்பாலும் இந்த இடத்தில்தான் பழைய நிலைக்கே திரும்புவார்கள், அதனால் இதற்கு முன்னாலேயே ஏற்பாடு வேண்டும். நாங்கள் செய்திருந்தது இது: வீட்டுக்குப் பக்கத்தில் இருக்கிற, யார் பக்கமும் சேராத ஒரு சித்தப்பா மகனிடம் முன்பே பேசி, 'உண்மையான அவசரம் என்றால் நீ ஒரு வார்த்தை சொல்' என்று கேட்டிருந்தார். அன்றிரவு அவரைக் கூப்பிட்டார். அவர் போய்ப் பார்த்துவிட்டு, மருத்துவமனைக்குப் போய் வந்தாயிற்று, நெஞ்செரிச்சல் என்றார்கள், அப்பா தூங்குகிறார் என்றார். இவர் அம்மாவுக்கு, "அப்பா நலம் என்று தெரிந்தது. ஞாயிறு பேசுகிறேன்" என்று மட்டும் அனுப்பினார். அவசரத்தையும் பழியையும் பிரிக்க ஒரு தனி வழி இருந்தால்தான் எல்லையைக் காக்க முடியும். இல்லையென்றால் ஒவ்வொரு நெஞ்சு வலிச் செய்தியிலும் நீங்கள் சூதாட வேண்டியிருக்கும். அவசரம் உண்மையாக இருந்தால் போங்கள். போவதற்கும் பழியை ஏற்பதற்கும் சம்பந்தமில்லை.

ஏழாவது எட்டாவது வாரத்தில் போன் சண்டை ஓய்ந்தது. மூன்றாவது மாதம் வேறு ஒன்று நடந்தது, அதைச் சொல்லாமல் விட்டால் நான் பாதிதான் சொன்னதாகும். பழி தம்பி மனைவிமேல் போக ஆரம்பித்தது. ஒரு இடம் காலியானால் வீடு இன்னொருவரைத் தேடுவது உண்டு, எல்லா வீட்டிலும் இல்லை. இவருக்கு அது தாங்கவில்லை. 'நான் திரும்பிப் போய் வாங்கிக்கொண்டால் அவளாவது தப்பிப்பாள்' என்றார். நான் அதற்கு உடன்படவில்லை. அந்தப் பெண்ணிடம் நேராகப் பேசி, தான் நோட்டில் கண்டதைச் சொல்லும்படி சொன்னேன். சொன்னார். அந்தப் பெண் அதை எப்படி எடுத்துக்கொண்டார் என்பதில் எங்களுக்குக் கடைசி வரை தெளிவில்லை.

இரண்டு வருடம் கழித்து நிலைமை இப்படி இருந்தது: அம்மா அந்த இரண்டு நாட்களுக்குப் பழகிவிட்டார். 'நீ மட்டும்' முழுசாகப் போகவில்லை, மாதம் ஒரு முறை எட்டிப்பார்க்கும். அண்ணனோடு பேச்சு இல்லை, கையெழுத்துத் தேவைப்படும் விஷயங்களுக்கு எழுத்தில் மட்டும். அப்பாவுக்கு அறுவை சிகிச்சை நடந்தபோது மூன்று நாள் போனார், ஆனால் வீட்டில் தங்கவில்லை, வெளியே அறை எடுத்துத் தங்கினார். மாலை ஆறு மணிக்கு மேல் அந்த வீட்டில் சண்டை வரும் என்பது நோட்டிலிருந்து தெரியும், அதனால் ஐந்தரைக்குக் கிளம்பிவிடுவார். யாரும் அவரிடம் மன்னிப்புக் கேட்கவில்லை. மன்னிப்பு வரும் என்று காத்திருப்பதை அவர் எப்போது விட்டார் என்று எனக்குத் தெரியாது, ஒரு கட்டத்தில் அதைப் பற்றிப் பேசுவதே நின்றுபோனது.

படிப்படியாகக் குறைப்பது என்று நான் சொல்வது எல்லோருக்கும் பொருந்தாது. அடி, மிரட்டல், வேலை செய்யும் இடத்துக்கு வந்து தொல்லை, உங்கள் பெயரில் கடன் அல்லது கையெழுத்து மோசடி, உங்கள் பிள்ளைகளை இதற்குள் இழுப்பது, இதில் எது இருந்தாலும் நோட்டும் வேண்டாம், ஆறு வாரமும் வேண்டாம். பாதுகாப்பான இடம் முதலில், சான்றுகளைச் சேமித்து வைப்பது அடுத்து, சட்ட ஆலோசனை அதற்கடுத்து. எங்கே இருக்கிறீர்கள், எப்போது வருவீர்கள் என்பதைக்கூடச் சொல்லாமல் விலகலாம். அதேபோல, வீட்டோடு பேசிய பிறகு 'நான் இல்லாமல் போனால் நல்லது' என்ற எண்ணம் வந்திருந்தால், தொடர்பை இப்போதே நிறுத்தி வையுங்கள், மனநல மருத்துவரை இந்த வாரமே பாருங்கள், நீங்கள் நம்பும் ஒருவரிடம் அந்த எண்ணத்தை இன்றைக்கே சொல்லுங்கள். உங்களுக்கு அப்படி இருப்பதாக நீங்கள் எழுதவில்லை, இருந்தும் கேட்காமல் விட மனம் வரவில்லை.

முறித்தால் என்றென்றைக்குமா என்ற பயம் உங்கள் கேள்வியில் தெரிகிறது. பெரும்பாலும் அப்படி இல்லை. அமெரிக்காவில் பல ஆண்டுகளாகத் தொடர்ந்து எடுக்கப்பட்ட கணக்கெடுப்புகளை வைத்து ரின் ரெக்செக் என்பவரும் உடன் ஆய்வாளர்களும் வெளியிட்ட ஆய்வில், வளர்ந்த பிள்ளைகளில் சுமார் 6 சதவீதம் பேர் தாயோடும், 26 சதவீதம் பேர் தந்தையோடும் ஏதோ ஒரு காலத்தில் விலகியிருந்தார்கள். தாயோடு விலகியவர்களில் 81 சதவீதமும் தந்தையோடு விலகியவர்களில் 69 சதவீதமும் பிறகு அந்த விலகல் முடிந்து திரும்ப ஏதோ ஓர் அளவில் பேசியிருந்தார்கள். ஒரு நாட்டின் கணக்கு அது. திரும்பப் பேசியது நன்றாக முடிந்ததா என்பதையும் அந்த எண் சொல்லாது. அவர்களில் எத்தனை பேர் வீட்டின் பழியைச் சுமந்தவர்கள் என்பதையும் சொல்லாது. ஆனால் கதவு ஒரு தடவை சாத்தினால் திறக்கவே திறக்காது என்ற நினைப்பு தவறு என்று சொல்ல அது போதும். அதனால்தான் என்னிடம் வருபவர்களிடம், முறிப்பதாக இருந்தால் காலம் குறித்து முறியுங்கள் என்கிறேன்: 'ஆறு மாதம் பேசமாட்டேன், அதன்பின் நானே எழுதுகிறேன்.' ஆறு மாதம் முடிந்ததும் நோட்டைப் பார்த்து அடுத்ததை முடிவெடுக்கலாம்.

இதற்கு எதிர்ப்பக்கத்தில் மர்ரே போவென் என்ற குடும்ப சிகிச்சையாளரின் கருத்து அடிக்கடி எடுத்துக்காட்டப்படும். தூரம் போவதால் மட்டும் உறவின் சூடு தணியாது, அது வேறு உறவுகளில் போய்த் தலைகாட்டும் என்பது அவர் சொன்னது. அதில் உண்மை இருக்கிறது. வீட்டைவிட்டு விலகியவர்கள் அலுவலகத்தில் எல்லாத் தவறுக்கும் முதலில் மன்னிப்புக் கேட்பவர்களாக, கணவன் முகம் சுளித்தாலே தன்னிடம் தப்பைத் தேடுபவர்களாக இருப்பதைப் பார்க்கிறேன். ஆனால் இதை வைத்து, 'அதனால் முறிக்கவே கூடாது' என்று சொல்பவர்களோடு நான் ஒத்துப்போகவில்லை. தீயில் இருப்பவர் முதலில் வெளியே வரட்டும், சூடு எங்கெங்கே தங்கியிருக்கிறது என்பதை அப்புறம் ஆறவைத்துப் பார்க்கலாம்.

'நான் கெட்டவளா' என்று கேட்டீர்கள். நோட்டில் கணக்குத் தெளிவான பிறகும் அந்த உணர்வு விடாது. அது தொடர்கிறது என்பதாலேயே நீங்கள் தப்புச் செய்ததாக ஆகாது. 36 வருடம் பழகிய ஒன்று, வாதத்தில் ஜெயித்தவுடன் போய்விடுவதில்லை. அதோடு துக்கமும் கலந்திருக்கும். உயிரோடு இருப்பவர்களை இழக்கிற துக்கத்துக்குச் சடங்கும் கிடையாது, ஆறுதல் சொல்ல வருபவர்களும் கிடையாது. பாலின் பாஸ் என்ற ஆய்வாளர் இந்த வகையான, முடிவு தெரியாத இழப்பைப் பற்றி 1970களிலிருந்து எழுதிவருகிறார். குறைத்த முதல் மாதங்களில் புதன்கிழமை வரும்வரை அம்மாவின் குரலுக்காக ஏங்குவீர்கள், வந்ததும் வைத்துவிடத் துடிப்பீர்கள். இரண்டுமே உண்மையான உணர்வுதான், ஒன்று இன்னொன்றைப் பொய்யாக்காது.

இன்றைக்கு எதையும் அறிவிக்காதீர்கள். அம்மா அடுத்து கூப்பிடும்போது வழக்கம்போல எடுங்கள், பக்கத்தில் நோட்டை வைத்துக்கொள்ளுங்கள். பழி ஆரம்பித்த நிமிடத்தையும், அதற்கு முன்பு யாரைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார் என்பதையும் குறியுங்கள். காலையில் தூங்கிய நேரத்தை எழுதுங்கள். ஆறு வாரம் தாங்காது என்று தோன்றினால் மூன்று வாரம் போதும். வாரத்தில் நான்கு இரவுக்கு மேல் தூக்கம் கெட்டால், நோட்டு முடியும்வரை காத்திராமல் மருத்துவரைப் பார்த்துவிடுங்கள், தூக்கமில்லாத மூளையோடு இந்த முடிவை எடுக்க வேண்டாம். மூன்று வாரம் கழித்து அந்தக் குறிப்புகளில் உங்கள் வீட்டு 'நீ மட்டும் அன்றைக்கு' எது என்று தெரிந்திருக்கும். அதை இங்கேயே எழுதுங்கள், எந்த இழையை முதலில் தளர்த்துவது என்று அங்கிருந்து பார்ப்போம்.